நான் அழித்த ஒரு வரி

ஒரு வடிவமைப்பு ஆவணத்திலிருந்து ஒரே ஒரு வரியை அழித்தேன். மறுநாள் காலையில் மதிப்பாய்வுக் கூட்டம். ஆவணத்தின் கடைசிப் பகுதியில், 'தீராத கேள்விகள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரிகள் இருந்தன. நான்குக்கு ஏதோ ஒரு முடிவு எழுதி, அவற்றை மேலே உரிய இடங்களில் சேர்த்துவிட்டேன். ஐந்தாவது வரி இது: 'நேர மண்டல விதிகள் மாறினால், நாம் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த நேரங்கள் என்ன ஆகும்?' அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்தால் வேலை அரைகுறையாக இருப்பதுபோலத் தோன்றியது. கூட்டத்தில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டால் ஒப்புதல் ஒரு வாரம் தள்ளிப்போகும். எனவே அழித்தேன். கூட்டம் 40 நிமிடங்களில் முடிந்தது, ஒப்புதலும் கிடைத்தது. அது 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அந்த வரிக்கு உரிய நாள் அடுத்த மார்ச் மாதம் வந்தது.

எங்கள் செயலியில் தினசரி நினைவூட்டல் என்ற வசதி உண்டு. 'தினமும் காலை 7 மணிக்கு நினைவுபடுத்து' என்று பயனர் சொல்வார். அந்த நேரத்தில் கைப்பேசிக்கு அறிவிப்பு போக வேண்டும். கேட்பதற்கு இதைவிட எளிதான வேலை கிடையாது. முதல் வடிவத்தை நாங்கள் குளிர்காலத்தில் எழுதினோம். நியூயார்க்கில் இருக்கும் பயனர் காலை 7 மணி என்று தேர்ந்தெடுத்தால், அதை உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றி 12:00 என்று சேமித்தோம். பிறகு ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்தைக் கூட்டினோம். 2022 மார்ச் 13 அன்று அமெரிக்காவில் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். யூடிசி 12:00 என்பது நியூயார்க்கில் அன்றுமுதல் காலை 8 மணி. அவசரத்தில், அமெரிக்கப் பயனர்கள் எல்லோருக்கும் ஒரு மணி நேரத்தைக் கழிக்கும் ஒரு சிறு நிரலை ஓட்டினோம். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரம் கிடையாது என்பது அங்கிருந்த பயனர்களுக்கு நினைவூட்டல் காலை 6 மணிக்குப் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அடுத்த இரண்டு வாரங்களில் ஐரோப்பாவின் முறை வந்தது. அதன் பிறகுதான், ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு ஓர் ஆவணம் எழுதி இதை முறையாகச் செய்வோம் என்று முடிவெடுத்தோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பின்னணியில் இருக்க வேண்டியது

பின்னணிப் பகுதியின் முதல் வரைவை அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். தற்போதைய அமைப்பு யூடிசி நேரத்தைச் சேமிக்கிறது, கோடைக்கால நேரம் வரும்போது தவறுகிறது, ஆகவே நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். மூன்று வாக்கியங்களுக்குள் பிரச்சினையும் தீர்வும் வந்துவிட்டன. என்னைவிடப் பத்து ஆண்டுகள் கூடுதல் அனுபவம் உள்ள ஒரு சக பொறியாளர் அதன் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'பயனருக்கு நாம் கொடுத்திருக்கும் வாக்கு எது? அது இதில் எங்கேயும் இல்லையே.'

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. கடைசியில் வந்த வாக்கியம் இது: 'பயனர் தேர்ந்தெடுத்த நேர மண்டலத்தில் வாழும் ஒருவரின் சுவர்க் கடிகாரம் 7:00 காட்டும்போது நினைவூட்டல் போய்ச்சேரும்.' எளிய வாக்கியம்தான். ஆனால் இதை எழுதிய உடனே சில விஷயங்கள் தாமாகவே வெளியே விழுந்தன. 'ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து' என்பது இந்த வாக்குக்குள் அடங்காது. அங்கே முக்கியம் இரண்டு வேளைகளுக்கு நடுவே கழியும் நேரம். சுவர்க் கடிகாரம் என்ன காட்டினாலும் கவலையில்லை. அதற்கு யூடிசியில் மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் சரியான வழி. அதாவது எங்கள் பழைய முறை வேறொரு வாக்குக்குச் சரியான விடை. இதைப் புரிந்துகொண்ட பிறகு, இடைவெளி நினைவூட்டல்கள் இந்த ஆவணத்தின் எல்லைக்கு வெளியே என்று ஒரு வரி சேர்த்தேன். பழைய நிரலை முழுவதுமாகத் தூக்கி எறிந்திருந்தால் அந்தப் பயனர்களுக்கும் சேர்த்துக் கெடுத்திருப்போம்.

இன்னொன்றும் தெளிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பற்றி வாக்குக் கொடுத்தால், கடிகாரம் அந்த நேரத்தைக் காட்டாத நாளில் என்ன செய்வது? 2022 மார்ச் 13 அன்று நியூயார்க்கில் அதிகாலை 1:59:59-க்கு அடுத்த நொடி 3:00. அன்று 2:30 என்ற நேரமே கிடையாது. அதேபோல் நவம்பர் 6 அன்று 1:30 இரண்டு முறை வந்தது, முதலில் யூடிசி 5:30-க்கு, மறுபடியும் யூடிசி 6:30-க்கு. இதை நாங்களே யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. நாள்காட்டிகளுக்கான பொது வரையறையான ஆர்எஃப்சி 5545 இரண்டையும் சொல்லிவிடுகிறது. இல்லாத நேரமானால், தாவலுக்கு முன்பு யூடிசியிலிருந்து இருந்த வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிடு. எனவே 2:30 என்பது அன்று மட்டும் 3:30 ஆகிறது. இரண்டு முறை வரும் நேரமானால் முதலாவதை எடு. ஜாவாவின் நேர நூலகமும் இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்கிறது. இதில் புதுமை தேட எந்தக் காரணமும் இல்லை என்று எழுதினேன். அந்தப் பத்தியை இன்றும் மாற்ற மாட்டேன்.

மூன்று வழிகளும் ஓர் அளவுகோலும்

பரிசீலித்த வழிகள் என்ற பகுதியில் மூன்று இருந்தன. முதலாவது, உள்ளூர் நேரத்தோடு யூடிசியிலிருந்து உள்ள வித்தியாசத்தைச் சேமிப்பது: 07:00, -05:00. இதைப் பலர் நேர மண்டலம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் -05:00 என்பது ஒரு குறிப்பிட்ட நாளின் வித்தியாசம் மட்டுமே. கோடையில் நியூயார்க் -04:00-க்குப் போய்விடும் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் `America/New_York` என்ற பெயரைச் சேமித்தாக வேண்டும். அந்தப் பெயருக்குப் பின்னால்தான் `tzdata` என்ற பொதுத் தரவுத்தொகுப்பில் அந்த இடத்தின் விதிகள், கடந்த காலத்துக்கும் வருங்காலத்துக்கும், எழுதப்பட்டிருக்கின்றன. இந்த வழியை நிராகரித்ததில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இதே இடத்தில் இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் `timestamp with time zone` என்று ஒரு வகை உண்டு. பெயரைப் பார்த்து அது மண்டலத்தையும் நினைவில் வைத்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே போகும்போது யூடிசியாக மாற்றிவிட்டு மண்டலத்தை உதறிவிடும். மண்டலத்தின் பெயருக்குத் தனி நெடுவரிசை வேண்டும்.

இரண்டாவது வழி, எதையும் முன்கூட்டிக் கணக்கிடாமல் விடுவது. பயனரின் உள்ளூர் நேரமும் மண்டலத்தின் பெயரும் மட்டும் சேமிப்பில் இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வேலை எழுந்து, எங்கள் பயனர்கள் இருக்கும் ஒவ்வொரு மண்டலத்திலும் இப்போது மணி என்ன என்று பார்க்கும். மண்டலங்கள் சில நூறுதான். பெய்ரூட்டில் இப்போது 7:00 என்றால், அந்த மண்டலத்தில் 07:00 என்று வைத்திருப்பவர்களை எடுத்து அனுப்பும். மூன்றாவது வழி, ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் அடுத்த 90 நாட்களின் நேரங்களை யூடிசியில் கணக்கிட்டு ஒரு அட்டவணையில் வரிசையாக எழுதிவிடுவது. தினமும் இரவில் ஒரு வேலை வந்து அடுத்த நாளுக்கு உரியதைக் கடைசியில் சேர்க்கும். அனுப்பும் வேலைக்கு நேர மண்டலமே தெரிய வேண்டியதில்லை. யூடிசி நேரம் வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும்.

நான் மூன்றாவதை விரும்பினேன். ஆவணத்தைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன் என்பதுதான் உண்மை. பயனருக்கு அடுத்த வாரத்தின் நினைவூட்டல்களை ஒரு நாள்காட்டிபோலக் காட்டலாம், ஒரு நாளை மட்டும் தனியாக மாற்ற விடலாம், அனுப்பும் நிரல் எளிதாக இருக்கும். இவையெல்லாம் மெய்யான நன்மைகள். ஆனால் இரண்டாவது வழியைப் பற்றி நான் எழுதியது இரண்டே வரிகள்: இல்லாத 2:30-ஐ அது தவறவிடும், இரண்டு முறை வரும் 1:30-க்கு இரண்டு முறை அனுப்பும், சர்வர் ஐந்து நிமிடம் நின்றால் அந்த ஐந்து நிமிடத்தில் இருந்தவர்கள் விடுபடுவார்கள். மூன்றும் உண்மைதான். மூன்றுக்கும் அரை நாள் வேலையில் மருந்து உண்டு என்பதும் உண்மை. கடைசியாக எந்த நிமிடம்வரை பார்த்தோம் என்பதைக் குறித்து வைத்து அங்கிருந்து தொடர்ந்தால், நின்ற நேரத்தில் விடுபட்டவர்களைப் பிடித்துவிடலாம். தாவிப்போன மணிக்கும் அதே வழிதான், சற்று நீட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நினைவூட்டலுக்கு ஓர் உள்ளூர்த் தேதியில் ஒரே அறிவிப்பு என்று டேட்டாபேஸில் தடை போட்டால் இரட்டிப்பு நிற்கும். இந்த மருந்துகளை நான் எழுதவில்லை. தோற்க வேண்டிய வழிக்கு மருந்து எழுதுவது எனக்குத் தேவையற்றதாகத் தோன்றியது.

மூன்று வழிகளையும் ஒப்பிட ஒரு அட்டவணையும் போட்டிருந்தேன். கோடைக்கால மாற்றத்தைத் தாங்குமா, சர்வர் நின்றால் தாங்குமா, டேட்டாபேஸுக்கு எவ்வளவு சுமை, எவ்வளவு நாள் வேலை என்று நான்கு வரிசைகள். மூன்றாவது வழி நான்கிலும் நன்றாக வந்தது. ஐந்தாவது வரிசை ஒன்று இருந்திருக்க வேண்டும், 'மண்டலத்தின் விதியே மாறினால் தாங்குமா' என்று. அந்த வரிசையில் தோற்றிருக்கும் ஒரே நல்ல வழி நான் தேர்ந்தெடுத்த வழிதான். இரண்டாவது வழி எதையும் எழுதி வைப்பதில்லை. `tzdata` புதுப்பிக்கப்பட்ட அடுத்த நிமிடமே அதற்குப் புதிய விதி தெரிந்துவிடும். என் வழியிலோ பழைய விதியில் கணக்கிட்ட 90 நாட்கள் உறைந்து கிடக்கும். அந்த வரிசை ஏன் இல்லாமல் போனது என்றால், அது கேள்வியாக இருந்த இடத்தில் நான் அழித்துவிட்டேன். தீராத கேள்வி என்று ஒதுக்கியது, உண்மையில் வழிகளை ஒப்பிடும் அளவுகோல்களில் ஒன்றாக மேலே போயிருக்க வேண்டியது. இதை நான் புரிந்துகொண்ட வாரத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பெய்ரூட்டில் இரண்டு மணிகள்

லெபனானில் கோடைக்கால நேரம் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் தொடங்குவது வழக்கம். 2023-இல் அது மார்ச் 26. அதற்கு மூன்றே நாட்கள் முன்பு, மார்ச் 23 அன்று, ரமலான் மாதத்தை முன்னிட்டு மாற்றத்தை ஏப்ரல் 20 நள்ளிரவு வரை தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. அன்றே `tzdata`-வின் பராமரிப்பாளர்கள் `2023b` என்ற பதிப்பை வெளியிட்டார்கள். ஆனால் நாட்டுக்குள் எல்லோரும் அந்த அறிவிப்பை ஏற்கவில்லை. மரோனைட் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிறுவனங்களும் வழக்கம்போல ஞாயிறன்றே கடிகாரத்தைத் தள்ளின. சில நாட்கள் ஒரே தெருவில் இரண்டு மணிகள் நிலவின. மார்ச் 27 அன்று அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்று, 29-ஆம் தேதி நள்ளிரவில் கடிகாரத்தைத் தள்ளச் சொன்னது. மார்ச் 28 அன்று வந்த `2023c`, லெபனானின் விதியை முன்பிருந்தபடியே ஆக்கியது.

எங்களுக்கு அங்கே பயனர்கள் அதிகம் இல்லை. இருந்தவர்களின் 90 நாட்களும் பழைய விதியில் எழுதப்பட்டிருந்தன: மார்ச் 26 காலை 7:00 என்பது யூடிசி 4:00. அரசின் அறிவிப்பைப் பின்பற்றியவர்களுக்கு அந்த நேரத்தில் மணி காலை 6. ஞாயிறன்று முதல் புகார் வந்தது, நினைவூட்டல் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறது என்று. அதே ஊரிலிருந்து, கைப்பேசி தானாகவே கடிகாரத்தைத் தள்ளிக்கொண்ட இன்னொருவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. திங்களன்று எங்கள் குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சர்வரில் `2023b`-ஐ ஏற்றினார். எதுவும் மாறவில்லை, ஏனென்றால் 90 நாட்களும் முன்பே எழுதப்பட்டவை. புகார் சொன்னவர்களிடம், நினைவூட்டலை ஒருமுறை திறந்து மறுபடி சேமியுங்கள் என்று சொன்னோம். அப்படிச் செய்தபோது அவர்களுடைய 90 நாட்களும் புதிய விதியில் எழுதப்பட்டன. இரண்டு நாட்கள் நிம்மதி. மார்ச் 30 காலையில் அதே மனிதர்களிடமிருந்து மறுபடி புகார் வந்தது. கடிகாரம் தள்ளப்பட்டுவிட்டது; எங்கள் அட்டவணையிலோ அவர்களுக்கு ஏப்ரல் 20 வரை யூடிசி 5:00 என்றே இருந்தது. இப்போது நினைவூட்டல் காலை 8 மணிக்குப் போனது. ஒரே வாரத்தில் ஒரே மனிதருக்கு ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால். முதல் நாளில் பேசாமல் இருந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் சரியாகிவிட்டிருந்தது.

அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் முழு ஆழமும் தெரிந்தது. எந்த வரிசை எந்த விதியில் கணக்கிடப்பட்டது என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. அட்டவணையில் 05:00 என்று ஒரு யூடிசி நேரம் இருக்கிறது. அது `2023b`-இல் பிறந்த தவறான 7 மணியா, அல்லது யாரோ ஒருவர் விரும்பி வைத்த சரியான 8 மணியா? வரிசை உருவான நேரத்தையும் சர்வரில் பதிப்பு ஏற்றிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊகித்தோம். அதிலும் ஒரு சிக்கல். `tzdata` எங்களிடம் ஓரிடத்தில் இல்லை. நிரல் ஓடும் ஜாவா தன் பிரதியை வைத்திருக்கிறது, டேட்டாபேஸ் தன் பிரதியை, பயனரின் கைப்பேசி தன் பிரதியை. இரவில் நேரங்களைச் சேர்க்கும் வேலை தனி சர்வரில் ஓடியது. அங்கே `2023b` ஏற்றப்படவே இல்லை. ஒரே நினைவூட்டலின் 90 வரிசைகளுக்குள்ளேயே இரண்டு விதிகள் கலந்திருந்த இடங்களும் உண்டு. வடிவமைப்பு ஆவணத்தில் '`tzdata` நூலகத்தைப் பயன்படுத்துவோம்' என்று ஒருமையில் எழுதியிருந்தேன்.

மாற்றி எழுதியது

ஏப்ரல் முதல் வாரத்தில் அதே ஆவணத்தைத் திறந்தேன். புதிய ஆவணம் தொடங்கவில்லை. பழையதிலேயே, பழைய முடிவை அடித்துக் காட்டி, கீழே புதியதை எழுதினேன். ஏன் மாறியது என்பதை அடுத்து வருபவர் தேடி அலையக் கூடாது என்று நினைத்தேன். இரண்டாவது வழிக்கு விட்டுப்போன மருந்துகளையும் எழுதி, ஐந்தாவது வரிசையையும் சேர்த்து, மறுபடி ஒப்பிட்டோம். இம்முறை வெளியே வந்தது இரண்டுக்கும் நடுவிலான ஒரு வழி. மூலம் என்று மதிக்கப்படுவது பயனர் சொன்னது மட்டுமே: உள்ளூர் நேரம், மண்டலம், எந்தெந்த நாள் என்ற விதி. யூடிசி நேரம் அதிலிருந்து பெறப்பட்டது. எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறிந்து மறுபடி கணக்கிடலாம். 90 நாட்களுக்குப் பதில் அடுத்த ஒன்று மட்டும்.

```
local_time    time         -- 07:00
zone_id       text         -- Asia/Beirut
rule          text         -- FREQ=DAILY
next_date     date         -- 2023-03-31
next_run_utc  timestamptz  -- 2023-03-31 04:00Z
tz_version    text         -- 2023c
```

கடைசி வரி சிறியது. ஆனால் மார்ச் மாதத்தில் நாங்கள் மூன்று நாட்கள் ஊகித்த விஷயத்தை இது ஒரே கேள்வியில் சொல்லிவிடும். புதிய பதிப்பு ஏறியதும் ஒரு வேலை ஓடும். `tz_version` பழையதாக உள்ள வரிசைகளை எடுத்து, `next_date`-ஐயும் `local_time`-ஐயும் வைத்து யூடிசியை மறுபடி கணக்கிட்டு எழுதும். கணக்கிட்டதில் நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தால்? ஒரு மணி நேரத்துக்குள் என்றால் உடனே அனுப்பு, அதற்கு மேல் என்றால் அந்த நாளை விட்டுவிடு. இந்த ஒரு மணி நேரம் என்பது எங்கள் தீர்மானம். மருந்து நினைவூட்டலுக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று என்று வேறுபட வேண்டும் என வாதிடுபவர்களும் எங்களுக்குள் உண்டு. நாள்காட்டிக் காட்சிக்கு வேண்டிய வரும் நாட்களைத் திரையில் காட்டும் நேரத்தில் கணக்கிடுகிறோம். ஒரு நாளை மட்டும் மாற்றினால் அந்த நாளுக்கு மட்டும் தனி வரிசை, அதுவும் உள்ளூர் நேரத்தில்.

`next_date` என்று தேதியைத் தனியாக வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒத்திகையின்போது இரண்டு பிழைகள் சிக்கின. மார்ச் 13 அன்று 2:30 நினைவூட்டல் 3:30-க்குப் போனது, அது சரி. ஆனால் அடுத்ததைக் கணக்கிட, போன நேரத்தோடு ஒரு நாளைக் கூட்டியிருந்தோம். மறுநாளும் 3:30, அதற்கு மறுநாளும் 3:30. ஒருநாள் மட்டும் நகர வேண்டியது நிரந்தரமாக நகர்ந்துவிட்டது. மாதத்தின் 31-ஆம் தேதி என்று வைத்தது பிப்ரவரியில் 28-க்குப் போய், பிறகு எல்லா மாதமும் 28 ஆகிவிடுவதும் இதே பிழைதான். அடுத்ததை எப்போதும் மூல விதியிலிருந்து எடுக்க வேண்டும், கடைசியாக நடந்ததிலிருந்து எடுக்கக் கூடாது.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. நவம்பர் 6 அன்று 1:30-க்கு முதல் முறை அனுப்பியாயிற்று. கடிகாரம் 2:00-ஐத் தொட்டுப் பின்னால் 1:00-க்கு வந்தது. அந்த இரண்டாவது 1:10-இல் அனுப்பும் வேலையை நாங்கள் நிறுத்தி மறுபடி தொடங்கிப் பார்த்தோம். அது எழுந்து, உள்ளூர் மணி 1:10, 1:30 இன்னும் வரவில்லை, ஆகவே அடுத்த நினைவூட்டல் இன்றே என்று முடிவு செய்தது. இன்றைய 1:30 எது என்று கேட்டால் விதிப்படி முதலாவது. அது 40 நிமிடங்களுக்கு முன்பே கடந்தது. கடந்துவிட்டதால் உடனே அனுப்பியது. உள்ளூர் நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது முந்தையது என்று கேட்டதுதான் தவறு. இப்போது நினைவூட்டல் எண்ணும் `next_date`-உம் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்ற தடை டேட்டாபேஸிலேயே இருக்கிறது. நிரல் தவறினாலும் தடை நிற்கும்.

இப்போது கடைசிப் பகுதியில்

தீராத கேள்விகள் பகுதி இன்று நீளமாக இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு விஷயங்கள் எழுதுகிறேன்: பதில் தெரியும்வரை நிரல் என்ன செய்யும், எது நடந்தால் நாம் முடிவெடுத்தே ஆக வேண்டும். முதல் கேள்வி பெய்ரூட்டிலிருந்து வந்தது. அரசு ஒன்று சொல்லி, மக்களில் ஒரு பகுதி வேறொன்றைப் பின்பற்றினால், சுவர்க் கடிகாரம் என்று நாம் வாக்குக் கொடுத்தது யாருடைய சுவர்? இப்போதைக்கு நாம் `tzdata` சொல்வதைக் கேட்கிறோம். பயனரின் கைப்பேசி காட்டும் நேரமும் நம் கணக்கும் ஒரு மணி நேரம் வேறுபட்டால், செயலி அதைப் பதிவு செய்து அனுப்புகிறது. ஒரு மண்டலத்தில் பலருக்கு இப்படி நேர்ந்தால் ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். இரண்டாவது கேள்வி, பயணம். நியூயார்க்கில் 7 மணி என்று வைத்தவர் லண்டனுக்குப் போனால் நினைவூட்டல் அவரோடு போக வேண்டுமா? உடற்பயிற்சிக்கு ஆம், அலுவலகக் கூட்டத்துக்கு இல்லை. நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது மண்டலம் மாறுவதில்லை. தானாக மாற்றும் வசதி கேட்டு வரும் கோரிக்கைகளை ஒரே இடத்தில் சேர்த்து வருகிறோம். இந்தக் கேள்விகளோடுதான் ஆவணம் இரண்டாம் முறை மதிப்பாய்வுக்குப் போனது. கூட்டம் இரண்டு மணி நேரம் ஓடியது. முதல் கேள்விக்கான தற்காலிக ஏற்பாடே அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான், அதைச் சொன்னவர் புகார்களைக் கையாளும் குழுவைச் சேர்ந்தவர்.

புதிய வடிவம் சர்வரில் ஏறிய சில நாட்களில் ஒரு சோதனை தானாக வந்தது. எகிப்து பல ஆண்டுகளுக்குப் பிறகு கோடைக்கால நேரத்துக்குத் திரும்பியது. 2023 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை பிறக்கும் நள்ளிரவில். கெய்ரோவில் அன்று 00:00 கிடையாது, 23:59-க்கு அடுத்தது 1:00. எங்களிடம் கெய்ரோ மண்டலத்தில் நள்ளிரவு 00:00 என்று வைத்த நினைவூட்டல்கள் சில இருந்தன. அன்று இரவு பதிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யூடிசி 22:00-க்கு, `next_date` 2023-04-28, ஒரு முறை, கெய்ரோவில் மணி 1:00. அதற்கு அடுத்த வரியில் `next_run_utc` புதிதாக எழுதப்பட்டிருந்தது: ஏப்ரல் 28, 21:00. கெய்ரோவில் அது மறுநாள் பிறக்கும் நள்ளிரவு 00:00.